ஊசி போட்டால் எடை ஏறுமா?

பிள்ளை பெற்று ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆனதும் அரசாங்க சுகாதார கிளினிக்கில் மிஸி கேட்பார்: "இடைவெளி விட என்ன எடுத்துக்கப் போறீங்க?" மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தினமும் ஒரு மாத்திரை, கையில் வைக்கும் குச்சி, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி என்று வரிசையாகச் சொல்வார். ஜொகூர் பாருவிலும் மாசாயிலும் குளுவாங்கிலும் நம் பெண்கள் உடனே திருப்பிக் கேட்பது கருத்தரிப்பைப் பற்றி அல்ல, உடம்பைப் பற்றி. "ஊசி போட்டா ஊதிடும்னு சொல்றாங்களே மிஸி?" "மாத்திரை சாப்பிட்டு எங்க அண்ணி பத்து கிலோ ஏறிட்டாங்க, நெசமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊசியைப் பற்றிய பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எல்லாருக்கும் ஒரே அளவு உண்மை அல்ல. மாத்திரையைப் பற்றிய பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பல முறை தேடியும் கிடைக்கவில்லை. குச்சி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்து, "ஹார்மோன் எல்லாமே உடம்பைப் பெருக்க வைக்கும்" என்று பேசுவதால் இரண்டு விதமாகவும் நட்டம். மாத்திரை ஒத்துப்போகக்கூடிய பெண் பயந்து ஒதுங்குகிறாள். ஊசியில் கவனமாக இருக்க வேண்டிய பெண், "எல்லாம் ஒண்ணுதான்" என்று நினைத்து வருடக்கணக்கில் போட்டுக்கொள்கிறாள்.

எதனோடு ஒப்பிடுவது?

அண்ணியின் பத்து கிலோவை யாரும் மறுக்கவில்லை. கேள்வி, மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தால் அதே காலத்தில் அவர் எவ்வளவு ஏறியிருப்பார் என்பது. இருபது வயதுக்கும் நாற்பதுக்கும் இடையே, எந்தக் கருத்தடையும் எடுக்காத பெண்களுக்கும் வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூடுகிறது. மலேசியாவில் இது இன்னும் கூர்மை. 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் பாதிப்பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அந்த விகிதம் அதிகம். கல்யாணம், பிரசவம், இரவு ஷிப்ட், காலை நாலரைக்கு எழுந்து பாலம் தாண்டி சிங்கப்பூர் போகும் வேலை, வழியில் நாசி லெமாக், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்: கருத்தடை தொடங்கும் வயதும் இதெல்லாம் சேரும் வயதும் ஒன்றுதான். ஆகவே மாத்திரை எடுப்பவர்களை மட்டும் எடை போட்டுப் பார்த்து, "ஏறியிருக்கிறது" என்றால் அதில் ஒன்றும் தெரியாது.

தெரிய வேண்டுமானால், எந்தப் பெண்ணுக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். பெண்களே தேர்ந்தெடுத்தால், ஏற்கெனவே எடை கூடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு முறைப் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். குடும்பக் கட்டுப்பாட்டில் அப்படிச் சீட்டுக் குலுக்குவது மிக அரிது. எந்தப் பெண்தான் ஒத்துக்கொள்வாள்? ஆனால் ஒரு முறை நடந்தது. அதுதான் இந்த விஷயத்தில் நம்மிடம் உள்ள நல்ல சான்று.

எக்கோ என்று பெயரிட்ட அந்த ஆய்வு 2015 முதல் 2018 வரை தென்னாப்பிரிக்கா, கென்யா, எஸ்வாத்தினி, ஸாம்பியா ஆகிய நாடுகளில் நடந்தது. அதன் நோக்கம் எடை அல்ல. ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களுக்கு எச்ஐவி தொற்றும் அபாயம் கூடுதலா என்று பார்க்கத் தொடங்கினார்கள். 7,829 பெண்கள், 16 முதல் 35 வயதுவரை. மூன்றில் ஒரு பங்கினருக்கு மூன்று மாத ஊசி, இன்னொரு பங்கினருக்குக் குச்சி, மற்றவர்களுக்கு ஹார்மோனே இல்லாத காப்பர் டி. எல்லாரையும் எடை போட்டு எழுதிவைத்திருந்ததால், 2021இல் எடையை மட்டும் தனியாகக் கணக்குப் பார்த்து வெளியிட்டார்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு காப்பர் டி வைத்தவர்கள் சராசரியாக 1.5 கிலோ கூடியிருந்தார்கள். குச்சி வைத்தவர்கள் 2.4 கிலோ. ஊசி போட்டவர்கள் 3.5 கிலோ.

இந்த மூன்று எண்களில் முதலில் பார்க்க வேண்டியது 1.5. அது ஹார்மோன் ஒரு துளியும் இல்லாமல் ஏறிய எடை. வாழ்க்கை ஏற்றிய எடை. ஊசிக்கணக்கில் இதைக் கழித்தால்தான் ஊசியின் பங்கு கிடைக்கும்: சுமார் இரண்டு கிலோ. குச்சியின் பங்கு ஒரு கிலோவை எட்டவில்லை.

வருடத்துக்கு இரண்டு கிலோ கொழுப்பு ஏற என்ன வேண்டும்? ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 42 கலோரி மிஞ்சினால் போதும். இரண்டரை டீஸ்பூன் சீனி. அதனால்தான், "நான் அதே சாப்பாடுதான் சாப்பிடுறேன், எப்படி ஏறுது?" என்று கேட்பவரிடம் சந்தேகப்படுவது நியாயமல்ல. இவ்வளவு சின்ன மாற்றத்தை எவராலும் தட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது

இரண்டு கிலோதானே என்று மூடிவிட முடியாது. சராசரி என்பது எல்லாருக்கும் இரண்டு கிலோ என்று அர்த்தமல்ல. ஊசி போட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் பெரிதாக ஆவதில்லை, சிலருக்கு மட்டும் நிறைய ஏறுகிறது. இரண்டையும் சேர்த்து வகுத்தால்தான் இந்தச் சின்ன எண் வருகிறது.

அமெரிக்காவின் டெக்சஸில் மூன்று வருடம் பின்தொடர்ந்த ஆய்வொன்று இதை நன்றாகக் காட்டியது. ஊசி போட்டவர்கள் மூன்று வருடத்தில் சராசரியாக 5.1 கிலோ கூடினார்கள். மாத்திரை எடுத்தவர்களும், ஹார்மோன் இல்லாத முறைகளில் இருந்தவர்களும் இரண்டு கிலோவை ஒட்டியே நின்றார்கள். ஊசிக்காரர்களுக்கு ஏறியதில் பெரும்பகுதி கொழுப்பு, நீர் அல்ல. உடம்பை ஸ்கேன் செய்து பிரித்துப் பார்த்தே சொன்னார்கள். அதே குழுவினர் 2009இல் இன்னொன்றையும் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர், முதல் ஆறு மாதத்திலேயே தன் எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தார். மூன்று வருட முடிவில் அவர்கள் சராசரியாக 11 கிலோ ஏறியிருந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் அப்படி ஏறாத மற்றவர்களுக்கு மூன்று வருடத்திலும் இரண்டு, மூன்று கிலோதான்.

யார் இந்த நாலில் ஒருவர் என்று ஊசி போடும் முன்னே சொல்லிவிட முடியாது. ஆனால் ஆறு மாதம் கழித்துச் சொல்லிவிடலாம். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் கிளினிக்குக்கு எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள்: முதல் ஊசிக்கு முன் எடை, மூன்றாவது ஊசிக்கு முன் எடை. இடையில் ஐந்து சதவீதம் தாண்டியிருக்கிறதா?

ஊசியில் இருக்கும் மருந்து மெட்ராக்ஸிபுரோஜெஸ்டெரோன். டிஎம்பிஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். டெப்போ-புரோவெரா என்ற பெயரில் பலருக்குத் தெரியும். 150 மில்லிகிராம், கையிலோ இடுப்பிலோ தசைக்குள், பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இந்த மருந்தின் நெருங்கிய உறவான மெஜஸ்ட்ரால் என்பதை, பசி அற்றுப்போன புற்றுநோயாளிகளுக்குப் பசி எடுக்கவே மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. ஊசி எல்லாருக்கும் பசியைத் தூண்டுகிறது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. சிறு ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. ஆனால் ஊசி போட்ட சில வாரத்தில், "ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு மறுபடியும் பசிக்குது" என்று ஒரு பெண் சொன்னால் அதைக் கற்பனை என்று தள்ளக்கூடாது. குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி அது.

ஏற்கெனவே எடை மிகுந்த இளம் பெண்களிடம் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பருமனான பதின்வயதுப் பெண்களைப் பதினெட்டு மாதம் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டவர்கள் 9.4 கிலோ ஏறினார்கள். ஹார்மோன் எதுவும் எடுக்காதவர்கள் 3.1 கிலோ. மாத்திரை எடுத்தவர்கள் 0.2 கிலோ. அது சிறிய ஆய்வு, சீட்டுக் குலுக்கியதும் அல்ல. இருந்தாலும் இடைவெளி அலட்சியப்படுத்தும் அளவல்ல.

கூலாயில் ஒரு கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கூலாயில் குடியிருக்கும் பெண், வயது 29, இரண்டு பிள்ளைகள், சின்னதுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. செனாயில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. உயரம் 155 செண்டிமீட்டர், எடை 62 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 25.8. ஆசிய உடம்புக்கு 23க்கு மேல் அதிக எடை, 27.5க்கு மேல் பருமன் என்று கணக்கு. ஆகவே இவர் முதல் கோட்டைத் தாண்டியவர், இரண்டாவதைத் தொடாதவர். ஊசி போட அது தடை அல்ல.

62இல் ஐந்து சதவீதம் 3.1 கிலோ. அப்படியானால் இவருடைய எல்லைக்கோடு 65.1. இந்த எண்ணை முதல் நாளே கார்டில் பென்சிலால் எழுதி வைத்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து உட்கார்ந்து கணக்குப் போடலாம் என்றால் யாரும் போட மாட்டார்கள்.

ஜனவரி 5 முதல் ஊசி என்றால், பன்னிரண்டு வாரம் கழித்து மார்ச் 30 இரண்டாவது, ஜூன் 22 மூன்றாவது. மார்ச் 30 அன்று 63.4 கிலோ. 1.4 கிலோ கூடல், இன்னும் முடிவு செய்ய நேரமாகவில்லை, ஊசி போட்டுக்கொள்ளலாம். ஜூன் 22 அன்று 66. நாலு கிலோ கூடியிருக்கிறது, ஆறரை சதவீதம். அவர் கோட்டைத் தாண்டிவிட்டார். மூன்றாவது ஊசியை நிறுத்தி, வேறு முறைக்கு மாறும் பேச்சை அன்றைக்கே, அந்த நாற்காலியிலேயே தொடங்க வேண்டும். "அடுத்த மூணு மாசம் பார்க்கலாம், கொஞ்சம் டயட் இருங்க" என்று தள்ளிப்போட்டால், டெக்சஸ் ஆய்வு காட்டிய பாதையில் இன்னும் மூன்று மாதம் போவதுதான் நடக்கும்.

அதே நாளில் அவர் 63.5 கிலோ என்றால்? அது ஒன்றரை கிலோ. காப்பர் டி வைத்தவர்களுக்கும் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் ஏறுவது அவ்வளவே. எடையைக் காரணமாகச் சொல்லி ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. வேறு காரணம் இருந்தால் அது வேறு பேச்சு.

எடை பார்ப்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. தராசு மாறினாலே ஒரு கிலோ மாறும். கிளினிக்கில் ஒருமுறை பாஜு கூரோங்கோடும் கைப்பையோடும், அடுத்த முறை டி-சட்டையோடும் ஏறினால் இந்தக் கணக்கு முழுவதும் வீண். வீட்டில் தராசு இருந்தால் காலையில் எழுந்து கழிப்பறை போய்விட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், மெல்லிய உடையில் பாருங்கள். மாதவிலக்குக்கு முந்திய சில நாட்களில் உடம்பில் நீர் தங்கி ஒரு கிலோவரை காட்டும் என்பதால், வழக்கமாக வரும் பெண்கள் விலக்கு முடிந்த வாரத்தில் பார்ப்பது நல்லது. இரவு ஷிப்ட் வாரமென்றால் தூங்கி எழுந்த நேரமே உங்கள் காலை.

பிரசவத்துக்குப் பிறகு உடனே ஊசி தொடங்குபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். ஆறாவது வாரத்தில் உள்ள எடை நிலையான எடை அல்ல, அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் எடை. பத்தியம், தாய்ப்பால் எல்லாம் சேர்ந்து அடுத்த சில மாதத்தில் நாலு கிலோ இறங்க வேண்டிய உடம்பு அங்கேயே நின்றால், தராசு "ஒன்றும் ஏறவில்லை" என்றுதான் சொல்லும். இவர்கள் ஒப்பிட வேண்டியது கர்ப்பத்துக்கு முந்திய எடையோடு. கர்ப்பகாலத்தில் கொடுத்த இளஞ்சிவப்பு நிறப் பதிவேட்டில் முதல் வருகையின் எடை எழுதியிருக்கும். ஆறு மாதத்தில் அந்த எடையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறோமா என்று பாருங்கள்.

மாத்திரையில் ஏறுவது நீர்

மாத்திரைக்கு இந்தக் கெட்ட பெயர் வந்ததற்கு வரலாறு உண்டு. 1960களில் வந்த முதல் மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் இன்றைய அளவைவிடப் பல மடங்கு. ஈஸ்ட்ரோஜன் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். கால் வீங்கும், மார்பு கனக்கும், மோதிரம் இறுகும். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். அளவு குறைந்துவிட்டது, பேச்சு மட்டும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மாத்திரைக்கு நிஜ மாத்திரை, பொய் மாத்திரை என்று பிரித்துச் சோதிப்பது எப்படி? கர்ப்பத்தைத் தடுக்க விரும்பும் பெண்ணுக்குப் பொய் மாத்திரை கொடுக்க முடியாது. ஆராய்ச்சியாளர்கள் பக்கத்து வழியில் போனார்கள். முகப்பருவுக்கு இந்த மாத்திரைகள் உதவுமா என்று பார்க்கும் சோதனைகளில் பாதிப்பேருக்கு ஹார்மோன் உள்ளது, பாதிப்பேருக்கு ஒன்றுமில்லாதது. எடை கூடியதாகச் சொன்னவர்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரன் மதிப்பாய்வு, 2014இல் கடைசியாகப் புதுப்பித்தபோதும், கூட்டு மாத்திரையால் எடை கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை, பெரிய விளைவு இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றுதான் முடித்தது.

ஆனாலும் சில பெண்களுக்கு முதல் ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு கிலோ போல் கூடும். அது நீர். அடையாளம் எளிது: சட்டென்று வரும், பிறகு அங்கேயே நிற்கும், விரலிலும் காலிலும் தெரியும். கொழுப்பு அப்படி வராது. அது மெதுவாக, மாதா மாதம், இடுப்பில் ஏறும். மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் தராசு மேலே போய்க்கொண்டே இருந்தால், மாத்திரையைக் குற்றம் சொல்லி மாற்றுவதால் பயனில்லை. தைராய்டு சோதித்துப் பாருங்கள், சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், ஷிப்ட் மாறியதா என்று யோசியுங்கள்.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குத் தரும், ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை வேறு. அதிலும் எடை பெரிதாகக் கூடுவதற்குச் சான்று இல்லை.

கையில் வைக்கும் குச்சி

தீக்குச்சியளவு, நாலு செண்டிமீட்டர் நீளம், மேற்கையின் உட்பக்கத் தோலுக்கடியில். மலேசியாவில் பெரும்பாலும் கிடைப்பது எடனோஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் உள்ள ஒற்றைக் குச்சி, மூன்று வருடத்துக்கு. எக்கோ ஆய்வில் வைத்ததோ இரட்டைக் குச்சி, லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற வேறு ஹார்மோன். ஆகவே அந்த 2.4 கிலோவை அப்படியே ஜொகூர் பெண்ணுக்குப் பொருத்த முடியாது. ஒற்றைக் குச்சியை அனுமதிக்கும்முன் நடந்த சோதனைகளில் ஒரு வருடத்தில் 1.3 கிலோ, இரண்டு வருடத்தில் 1.7 கிலோ ஏறியதாக அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது. எடை ஏறியது என்று சொல்லிக் குச்சியை எடுத்தவர்கள் 2.3 சதவீதம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்த ஆய்வு ஒன்று கொஞ்சம் குழப்பும். அங்கே ஒரு வருடத்தில் குச்சிக்காரர்கள் 2.1 கிலோ, ஊசிக்காரர்கள் 2.2 கிலோ, காப்பர் டி வைத்தவர்கள் 0.2 கிலோ. அதாவது குச்சியும் ஊசியும் ஒன்று போலவே. வயது, இனம் போன்றவற்றைச் சரிக்கட்டியதும் முறைகளுக்கிடையே வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. இந்தப் பெண்கள் சீட்டுக் குலுக்கப்பட்டவர்கள் அல்ல, தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். என் தீர்ப்பு: குச்சியால் சிலருக்குக் கொஞ்சம் ஏறலாம், ஆனால் ஊசியைப்போல் நாலில் ஒருவருக்குப் பெரிதாக ஏறும் என்ற படம் குச்சிக்குக் கிடைக்கவில்லை. குச்சியில் பெண்களைத் தொல்லைப்படுத்துவது எடையைவிட, முறையில்லாமல் வரும் ரத்தக்கசிவு. அதைச் சொல்லாமல் எடையை மட்டும் பேசி வைத்துவிட்டால் மூன்றாம் மாதத்தில் திரும்பி வருவார்கள்.

குச்சிக்கும் ஊசிக்கும் ஒரு நடைமுறை வேறுபாடு உண்டு. ஒத்துக்கொள்ளாத குச்சியை மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்னக் கீறலில் எடுத்துவிடலாம், சில நாட்களில் ஹார்மோன் ரத்தத்தை விட்டுப் போய்விடும். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மூன்று மாதம் அதன் வேலையைச் செய்துவிட்டுத்தான் போகும்.

விலக்கு நின்றுபோனால்

ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் பாதிப்பேருக்கு ஒரு வருடத்துக்குள் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அப்போது வீட்டில் பெரியவர்கள் சொல்வது எல்லாருக்கும் தெரியும். "கெட்ட ரத்தம் வெளியே வராம உள்ளேயே தங்கி, அதான் உடம்பு உப்புது." தமிழ் வீடுகளில் மட்டுமல்ல, பக்கத்து மலாய் வீட்டிலும் இதே நம்பிக்கை இருக்கிறது. ஏறும் எடைக்கு இதைவிடப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம் வேறில்லை. ஆகையால் இதோடு வாதிடுவது கடினம்.

நடப்பது இது. மாதாமாதம் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிள்ளை தங்காதபோது உரிந்து வெளியேறுவதுதான் விலக்கு. ஊசி மருந்து அந்தச் சுவரைத் தடிக்கவே விடுவதில்லை, மெல்லியதாகவே வைத்திருக்கிறது. உரிவதற்கு எதுவும் இல்லாததால் விலக்கு வருவதில்லை. உள்ளே எதுவும் தேங்குவதில்லை. ஒரு விலக்கில் வெளியேறும் ரத்தமே சில மேசைக்கரண்டி அளவு. அது மொத்தமும் உள்ளே தங்கினாலும் நாலு கிலோ காட்டாது. எடை ஏறியவர்களுக்கு ஏறியது கொழுப்பு, நம்பிக்கைக்கும் ஸ்கேனுக்கும் இடையே அதுதான் வேறுபாடு.

இந்தப் புரிதல் ஏன் முக்கியம்? கெட்ட ரத்தம் என்று நம்பும் பெண், விலக்கு வர வைக்கும் நாட்டுமருந்தைத் தேடுகிறாள், அல்லது யாரிடமும் சொல்லாமல் ஊசியை விட்டுவிடுகிறாள். விலக்கு எப்போது திரும்பும் என்று காத்திருக்கும் காலத்தில் கருத்தரித்து விடுகிறாள். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகலாம். ஆனால் அது சராசரி மட்டுமே, பாதுகாப்பு அல்ல.

கர்ப்பத்தில் இனிப்பு நீர் வந்தவர்கள்

ஊசி முடிவில் எடையைவிடவும் இனிப்பு நீரை முன்னே வைக்க வேண்டியவர்கள் நம்மிடையே நிறைய. கர்ப்பகாலத்தில் சீனி ஏறியிருந்த பெண்களுக்குப் பின்னாளில் இனிப்பு நீர் வரும் வாய்ப்பு அதிகம். அதிலும் இந்திய வம்சத்துக்கு இன்னும் அதிகம். இத்தகைய பெண்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றில் ஊசி போட்டவர்களுக்கு இனிப்பு நீர் கூடுதலாக வந்தது. ஆனால் காரணத்தை ஆராய்ந்தபோது, ஊசியைவிட அவர்கள் ஏற்கெனவே கொண்டிருந்த ஆபத்தும், ஏறிய எடையுமே அதில் பெரும்பங்கு என்று தெரிந்தது. ஆகவே, இவர்களுக்கு ஊசி கூடவே கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் ஐந்து சதவீதக் கோடு இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கண்டிப்பானது. பிரசவத்துக்குப் பிறகு சீனித் தண்ணீர் குடித்துச் செய்யும் சோதனையைத் தவற விட்டிருந்தால், அதை முடித்துவிட்டு ஊசியைப் பற்றிப் பேசலாம்.

மாற்றும் நாளில்

கூலாய்ப் பெண்ணிடம் திரும்பி வருவோம். ஜூன் 22, மூன்றாவது ஊசி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அன்றைக்கே புதிய முறையைத் தொடங்கினால் இடைவெளியே இல்லை, முந்திய ஊசியின் பாதுகாப்பு இன்னும் இருக்கிறது. கூட்டு மாத்திரை என்றால் முதல் மாத்திரை அன்றே. குச்சி என்றால் வைக்கப் பயிற்சி பெற்றவர் இருக்கும் நாளுக்குத் தேதி வாங்கி, அதுவரை மாத்திரையோ ஆணுறையோ கையில் வைத்துக்கொள்ள வேண்டும். காப்பர் டி என்றாலும் அப்படித்தான். ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல மாற்று, ஆனால் விலக்கு கொஞ்சம் அதிகமாகவும் வலியோடும் வரலாம்.

கூட்டு மாத்திரைக்கு எடையைத் தவிர வேறு தடைகள் உண்டு, அவற்றைக் கேட்காமல் யாரும் தொடங்கக்கூடாது: உயர் ரத்த அழுத்தம், முன்பு ரத்தம் உறைந்திருப்பது, கண் முன்னே ஒளி மின்னித் தொடங்கும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பால். கடையில் மாத்திரை வாங்குவதானாலும் ரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏறிய நாலு கிலோ ஊசியை நிறுத்தியதும் தானாக இறங்கிவிடாது. இறங்கினாலும் மெதுவாகத்தான். நிறுத்துவதன் பலன் அடுத்த ஏழு கிலோவைத் தடுப்பது. இதை முன்கூட்டியே சொன்னால், இரண்டு மாதத்தில், "மாத்திரையிலும் எடை குறையலையே" என்று மாத்திரையையும் விட்டுவிடாமல் இருப்பார்கள்.

வீடு மாறி ஸ்கூடாயிலிருந்து பாசீர் கூடாங் போனாலும், அரசாங்க கிளினிக்கை விட்டுத் தனியார் டாக்டரிடமோ எல்பிபிகேஎன் கிளினிக்குக்கோ போனாலும், ஊசி போட்ட தேதிகளும் ஒவ்வொரு தேதியின் எடையும் எழுதிய கார்டு கூடவே போக வேண்டும். புதிய இடத்தில் கார்டு இல்லாமல் போனால் எல்லாரும் அன்றைய எடையைத்தான் முதல் எடை என்று எழுதுவார்கள், ஏறிய நாலு கிலோ கணக்கிலேயே வராது. கார்டைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.